சம்மதமும் அனுமதியும் இன்றி

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பைக்குள் குடும்ப நல நீதிமன்றத்தின் தீர்ப்பு, அதன் ஓரத்தில் முத்திரை, நடுவில் நூல் கோத்த நகல். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள். பரஸ்பர சம்மதத்தில் இங்கே விவாகரத்து முடிந்து, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் குழந்தையை அழைத்துப் போயிருக்கிறார்கள். இப்போது அதே நிபந்தனைகளை அங்குள்ள குடும்ப நீதிமன்றத்திலும் ஓர் உத்தரவாகப் பெற வேண்டும். தீர்ப்பு தமிழில் இருக்கிறது.

"ஏம்மா, இதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா போதும்ல?" என்றார்.

"அப்படியே எழுதுறதுதான் சார் கஷ்டம்" என்றேன். அவர் நம்பவில்லை. முப்பது நாள் கழித்து நம்பினார்.

பெயர், தேதி, தொகை எல்லாவற்றையும் இங்கே மாற்றியிருக்கிறேன். ஆனால் சிக்கல்கள் ஒவ்வொன்றும் உண்மையானவை. இந்த வேலையில் இருப்பவர்களுக்கும், கையில் இப்படி ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவர்களுக்கும் பயன்படும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை ஒன்று. குழந்தையைக் கடத்திப் போவது தொடர்பான 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் இல்லை. ஆகவே நம் ஊர் நீதிமன்றத்தின் குழந்தைப் பொறுப்பு உத்தரவு இங்கிலாந்தில் தானாகச் செல்லுபடி ஆகிவிடாது. அங்குள்ள நீதிபதி குழந்தையின் நலனைப் பார்த்து, நம் உத்தரவைப் படித்து, அதே நிபந்தனைகளோடு தன் உத்தரவை எழுதுவார். அங்கே இதை மிரர் ஆர்டர் என்கிறார்கள், கண்ணாடியில் தெரிவது போல. அந்த நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. அவர் பார்க்கும் கண்ணாடி நம்முடைய மொழிபெயர்ப்புதான்.

பெரியவர் கொண்டுவந்த கட்டைப் பிரித்தவுடன் முதல் குறை தெரிந்தது. தீர்ப்பாணையின் கடைசிப் பத்தியில், "இரு மனுதாரர்களும் தாக்கல் செய்த கூட்டு மெமோவின் ஷரத்துகள் இத்தீர்ப்பாணையின் பகுதியாக அமையும்" என்று ஒரே வரி. அந்தக் கூட்டு மெமோ கட்டில் இல்லை. அதாவது, மாதப் பணம், விடுமுறை, வீடியோ அழைப்பு எல்லாம் எழுதியிருக்கும் காகிதமே இல்லை. தீர்ப்பாணை என்பது முடிவை மட்டும் சொல்லும் காகிதம். தீர்ப்பு என்பது காரணங்களோடு கூடியது. நிபந்தனைகளோ பல சமயம் மூன்றாவது காகிதத்தில் இருக்கும். மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி வரச் சொன்னேன். திரும்ப காப்பி அப்ளிகேஷன் போட்டு, ஸ்டாம்ப் கட்டி, அவர் வாங்கி வர இரண்டு வாரம் ஆனது. இதைச் செய்யாமல் தீர்ப்பாணையை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே போனதும், "நிபந்தனைகள் எங்கே?" என்ற ஒரே கேள்வியில் வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் போய்விடும்.

மூன்றையும் வைத்துக்கொண்டு நான் முதலில் செய்தது மொழிபெயர்ப்பு இல்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு நிபந்தனையையும் ஐந்து கேள்விகளாகப் பிரித்து எழுதினேன். யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள், எந்த நாள் வரை, எது நடந்தால் மட்டும். பதில் கிடைக்காத இடத்தில் வெற்றிடம் விட்டேன். அந்த வெற்றிடங்கள்தான் ஆபத்தான இடங்கள். மொழிபெயர்ப்பாளர் தன்னை அறியாமல் அவற்றை நிரப்பிவிடுவார். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும், ஆங்கிலத்தில் நிற்காது. "விடுமுறை முடிந்ததும் குழந்தையைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும்" என்று மெமோவில் இருந்தது. யார் ஒப்படைக்க வேண்டும்? தந்தை கொண்டுபோய் விடுவதா, தாய் வந்து அழைத்துக்கொள்வதா? விமான டிக்கெட் யார் செலவு என்பது வரைக்கும் இந்த ஒரு வரியில் தொங்குகிறது. நான் செயப்பாட்டு வினையில், "குழந்தை திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும்" என்ற பொருளில் எழுதினேன். செய்பவர் யார் என்று மூலத்தில் இல்லை என்பதையும் அடிக்குறிப்பில் எழுதினேன். நான் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது இல்லை.

மனுதாரர்களின் பெயர்களிலும் இதே கவனம்தான். மூலத்தில் முதல் மனுதாரர், இரண்டாம் மனுதாரர் என்றே வரும். படிக்க எளிதாக இருக்குமே என்று தாய், தந்தை என்று மாற்றத் தோன்றும். மாற்றக் கூடாது. பரஸ்பர சம்மத வழக்கில் இருவருமே மனுதாரர்கள், எதிர்மனுதாரர் என்று யாரும் இல்லை. அந்த உண்மையும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஒருவர் இல்லாமல் ஒருதலைப்பட்சமாக நடந்த வழக்கு இல்லை இது என்று வெளிநாட்டு நீதிபதிக்குச் சொல்வது அதுதான்.

இனி, தலைப்பில் இருக்கும் வரிக்கு வருகிறேன்.

மெமோவின் 7-ஆவது ஷரத்து: "இரண்டாம் மனுதாரரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இந்நீதிமன்றத்தின் அனுமதியும் இன்றி முதல் மனுதாரர் மைனர் குழந்தையை வேறு நாட்டில் குடியமர்த்தக் கூடாது."

மூன்று முறை படித்துப் பாருங்கள். இரண்டும் வேண்டுமா, ஒன்று இருந்தால் போதுமா? "அப்பாவும் அம்மாவும் இல்லாமல் வளர்ந்த பிள்ளை" என்றால் இருவருமே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கில், சம்மதம், அனுமதி இரண்டுமே இல்லாமல் போனால்தான் தடை. ஒன்று இருந்தாலும் போகலாம். ஆனால், "உப்பும் புளியும் இல்லாமல் ரசம் வைக்க முடியாது" என்றால் இரண்டும் வேண்டும் என்கிறோம். ஒரே 'உம்', ஒரே 'இல்லாமல்'. பொருள் வாக்கியத்தில் இல்லை, நம் அனுபவத்தில் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவுக்கு அப்படிப்பட்ட அனுபவம் கிடையாது.

இதே இடத்தில் எட்டு வருடம் முன் நான் தவறு செய்திருக்கிறேன். வேறொரு குடும்பம், வேறொரு நாடு. இதே அமைப்பில் ஒரு வரி. எனக்கு ஒரு பொருள்தான் தோன்றியது, இரண்டும் வேண்டும் என்று. "இவை இரண்டையும் பெற்ற பின்னரே" என்ற பொருளில் தெளிவாக, அழகாக எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாய் இங்குள்ள நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போயிருந்தார், கணவரின் கடிதம் இல்லை. என் மொழிபெயர்ப்பின்படி அவர் உத்தரவை மீறியவர் ஆனார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து, மூலத்தில் அப்படி இல்லை என்று காட்டி மீள்வதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பல மாதம் போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது. தெளிவாக எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் மூலத்தில் இல்லாத தெளிவு என்பது நான் எழுதிய தீர்ப்பு.

இந்த முறை என்ன செய்தேன்? முதலில் பதில் மற்ற காகிதங்களில் கிடைக்கிறதா என்று தேடினேன். தீர்ப்பின் 11-ஆவது பத்தியில் நீதிபதி, "இரண்டாம் மனுதாரர் சம்மதம் தர மறுக்கும் பட்சத்தில் முதல் மனுதாரர் இந்நீதிமன்றத்தை அணுகி அனுமதி பெற்றுக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார். ஆக, ஒன்று போதும் என்ற பொருளுக்கு அங்கே ஆதரவு இருக்கிறது. இருந்தாலும் 7-ஆவது ஷரத்தை அந்தப் பொருளுக்கு வளைத்து எழுதவில்லை. 'வித்தவுட்' போட்டு, இரண்டையும் 'அண்ட்' கொண்டு இணைத்தேன். ஆங்கிலத்திலும் அது அதே அளவுக்கு இருபொருள் தரும் அமைப்புதான். அடிக்குறிப்பில், தமிழ் வாக்கியம் இரு விதமாகவும் படிக்கத் தக்கது, தீர்ப்பின் 11-ஆவது பத்தியைப் பார்க்கவும் என்று இரண்டே வரி. எது சரி என்று சொல்லவில்லை. அங்குள்ள வழக்கறிஞர் அந்தப் பத்தியைக் காட்டி வாதாடட்டும், நீதிபதி முடிவு செய்யட்டும். 'ஆர்' போட்டிருந்தால் என்ன என்று கேட்கலாம். மூலத்தில் 'அல்லது' இல்லை, 'சம்மதமோ அனுமதியோ' என்ற 'ஓ'-வும் இல்லை. இல்லாத சொல்லைப் போட்டால் அடிக்குறிப்பே பொய்யாகிவிடும்.

அடுத்தது நாள் கணக்கு.

உத்தரவின் தேதி 12.03.2024. முதல் வேலையாக எல்லாத் தேதியிலும் மாதத்தை எழுத்தில் எழுதிவிடுவேன். அமெரிக்காவில் இதே எண்ணை டிசம்பர் 3 என்று படிப்பார்கள். இங்கிலாந்துக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனாலும் காகிதம் எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும். தொகையிலும் அப்படித்தான். 6,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி வைத்தால் அங்கே எழுத்துப் பிழை என்று நினைப்பார்கள். மூலத்தில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 600,000 என்று கொடுத்தேன். சதுர அடைப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.

அந்த ஆறு லட்சம்தான் அடுத்த சிக்கல். "உத்தரவு தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் இரண்டாம் மனுதாரர் செலுத்த வேண்டும்." அவர் வங்கி மூலம் செலுத்தியது ஏப்ரல் 11. மார்ச் 12-ஐ முதல் நாளாக எண்ணினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 10, அவர் ஒரு நாள் தாமதம். மார்ச் 13-இல் இருந்து எண்ணினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 11, அவர் சரியாகச் செலுத்திவிட்டார். நம் பொது ஷரத்துகள் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, 'ஃப்ரம்' என்ற சொல் வந்தால் முதல் நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. நீதிமன்றங்களும் அந்த முறையில்தான் நாளை எண்ணுகின்றன. இங்கிலாந்திலும் 'ஃப்ரம்' என்றால் அந்த நாள் சேராது. ஆனால் 'பிகினிங் வித்' என்று எழுதினால் அந்த நாளும் சேரும். பேச்சு ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று போலத் தோன்றும், சட்ட ஆங்கிலத்தில் ஒரு நாள் வித்தியாசம். அந்த ஒரு நாளில் ஒரு மனிதர் உத்தரவை மீறியவராகலாம். நான் 'ஃப்ரம்' என்று எழுதினேன். கடைசித் தேதி ஏப்ரல் 11 என்று நானாகக் கணக்கிட்டு எழுதவில்லை. எண்ணுவது நீதிமன்றத்தின் வேலை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில உத்தரவுகளில் "உத்தரவு நகல் கிடைக்கப்பெற்ற தேதியிலிருந்து" என்று இருக்கும். அப்போது நகலின் பின்பக்கத்தில் இருக்கும் சிறு முத்திரைகளுக்கு உயிர் வந்துவிடும். நகல் கேட்டு மனுச் செய்த நாள், ஸ்டாம்ப் கட்டச் சொன்ன நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று வரிசையாகக் கையால் எழுதியிருப்பார்கள். பலர் அதை ஆபீஸ் குறிப்பு என்று விட்டுவிடுகிறார்கள். அது காலக்கெடுவின் தொடக்கம். மங்கலாக இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாவது எழுத வேண்டும். படிக்கவே முடியாவிட்டால், படிக்க முடியவில்லை என்று சதுர அடைப்பில் எழுத வேண்டும். ஊகம் கூடாது.

மாதப் பணத்துக்கு "ஒவ்வோர் ஆங்கில மாதமும் 5-ஆம் தேதிக்குள் ரூ. 15,000" என்று இருந்தது. 'ஆங்கில மாதம்' என்றால் சித்திரை, வைகாசி இல்லை, ஜனவரி, பிப்ரவரி என்பது நமக்குப் புரியும். அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால், அதென்ன ஆங்கில மாதம் என்று அவர்கள் விழிப்பார்கள். அதற்குச் சரியான சொல் 'காலண்டர் மன்த்'. 5-ஆம் தேதிக்குள் என்பதில் ஐந்தாம் தேதி சேருமா என்பதைப் பற்றி எனக்கும் என் நண்பரான வழக்கறிஞருக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் 'பை' என்று எழுதினேன். 'பிஃபோர்' என்றால் நான்காம் தேதியோடு முடிந்துவிடும், அது தவறு என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

வீடியோ அழைப்பு: "ஞாயிறுதோறும் இரவு 7 மணிக்கு." எந்த நாட்டு 7 மணி? நம் 7 மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை, கோடையில் இரண்டரை, ஏனென்றால் அவர்கள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அங்கத்திய 7 மணி என்றால் இங்கே கோடையில் நள்ளிரவை நெருங்கிவிடும், குளிர்காலத்தில் தாண்டிவிடும். நடைமுறையில் நம் நேரத்தைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று யாருக்கும் புரியும். பெரியவரும், "இந்திய டைம்னு போட்டுடும்மா, அதுதானே நிஜம்" என்றார். போடவில்லை. உத்தரவில் இல்லை. இதற்கு அடிக்குறிப்பும் போடாமல், இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லி அங்குள்ள வழக்கறிஞருக்குத் தனியே ஒரு கடிதம் எழுதினேன். புதிய உத்தரவில் நேரத்தைச் சரியாக எழுத வைப்பது அவருக்கு எளிது. அடிக்குறிப்பு என்பது மொழியில் உள்ள சிக்கலுக்கு மட்டும். உத்தரவில் உள்ள குறைகளுக்கெல்லாம் அடிக்குறிப்பு போட ஆரம்பித்தால் நான் வக்கீலாகிவிடுவேன்.

வயது விஷயத்தில்தான் மூன்று வாரம் நின்றது.

மெமோவில், "குழந்தைக்கு 12 வயது பூர்த்தியாகும் வரை" முதல் மனுதாரரிடம் இருக்க வேண்டும், அதன் பின் குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு மறுபரிசீலனை என்று இருந்தது. தீர்ப்பின் பத்தியிலோ "12 வயது வரை" என்று மட்டும். நம் ஊரில் 12 நடக்கிறது என்றால் 11 முடிந்து ஓடுகிற வருடம். பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஒரு வயது, பாட்டியிடம் கேட்டால் இன்னொரு வயது. 'பூர்த்தி' என்ற சொல் அதற்காகத்தான் சட்டத் தமிழில் நிற்கிறது. ஆகவே ஒன்றில் பூர்த்தி உண்டு, ஒன்றில் இல்லை என்ற வித்தியாசத்தை அப்படியே காட்டினேன். படிக்கச் சீராக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒன்றாக்கவில்லை.

ஆனால் பெரிய வெடி அதற்குப் பின் இருந்தது. என்னிடம் ஒரு தம்பி உதவிக்கு இருக்கிறான். மொழிபெயர்ப்பு முடிந்ததும் அவன் மூலத்தில் உள்ள எண்களை மட்டும் சத்தமாகப் படிப்பான், நான் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். வாக்கியத்தைப் படித்தால் கண் பொருளைத் தொடர்ந்து ஓடிவிடும், எண்ணை விட்டுவிடும். அதனால் எண்கள் மட்டும். அப்படிப் படிக்கும்போது நிறுத்தினான்.

"அக்கா, பாப்பா பிறந்த தேதி இங்க 09.06.2016. தீர்ப்பாணையில 06.09.2016."

இரண்டையும் நான் அப்படியேதான் எழுதியிருந்தேன், ஆனால் முரண்பாட்டைக் கவனிக்கவில்லை. தட்டச்சில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறது. இதனால் 12 வயது பூர்த்தியாவது ஒரு கணக்கில் 2028 ஜூன் 9, இன்னொரு கணக்கில் 2028 செப்டம்பர் 6. அங்கே கோடை விடுமுறை ஜூலை இறுதியில் தொடங்குகிறது. அந்த விடுமுறையில் குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்கிறாள் என்பதே இந்த ஒரு தட்டச்சுப் பிழையில் மாறும்.

பெரியவரை அழைத்தேன். பிறப்புச் சான்றிதழோடு வந்தார். ஜூன் 9 தான் சரி. "சரியானதைப் போட்டுடும்மா, நானே சாட்சி" என்றார். அவர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை அதைத் திருத்த முடியாது. நான் திருத்தினால், அங்கே யாராவது மூலத்தின் எண்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். எண்ணைப் படிக்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. ஒரு எண் மாறியிருக்கிறது என்று தெரிந்தால் மொத்த மொழிபெயர்ப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வழி வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவின்படி, தீர்ப்பிலும் தீர்ப்பாணையிலும் உள்ள எழுத்துப் பிழை, கணக்குப் பிழையை அதே நீதிமன்றம் திருத்தித் தரும். வழக்கறிஞர் மனுப் போட்டார். முன்னாள் கணவரின் தரப்பும் ஆட்சேபிக்கவில்லை. மூன்று வாரத்தில் திருத்திய தீர்ப்பாணை வந்தது. அந்தப் பக்கத்தை மறுபடி மொழிபெயர்த்தேன், திருத்த உத்தரவின் தேதியும் சேர்த்து. பெரியவருக்குச் செலவும் அலைச்சலும்தான். ஆனால் அந்த மனிதர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பேத்தியின் பிறந்தநாள் அது, தப்பாக இருக்கக் கூடாது என்றார்.

கடைசியாகச் சட்டச் சொற்கள். இங்கே ஒரு சபலம் எல்லோருக்கும் வரும். அந்த நாட்டு நீதிபதிக்குப் புரிய வேண்டுமே என்று அந்த நாட்டுச் சொல்லைப் போட்டுவிடுவது. இங்கிலாந்தில் இப்போது குழந்தை விஷயத்தில் 'கஸ்டடி' என்ற சொல்லே வழக்கில் இல்லை. 2014-இல் இருந்து 'சைல்டு அரேஞ்ச்மென்ட்ஸ் ஆர்டர்' என்கிறார்கள். அந்தப் பெயரை நம் உத்தரவுக்குப் போட்டால் என்ன ஆகும்? அவர்களுடைய 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவில், குழந்தை யாருடன் வாழ வேண்டும் என்று அப்படிப்பட்ட உத்தரவில் பெயர் குறிக்கப்பட்டவர், ஒரு மாதத்துக்குக் குறைவான காலத்துக்கு யாருடைய சம்மதமும் இல்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறது. நம் மெமோவில் அப்படிப்பட்ட விதிவிலக்கு எதுவும் இல்லை. சொல்லை மாற்றினால், அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஓர் உரிமையும் உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே 'கஸ்டடி' என்றே எழுதினேன். அதை எந்தச் சட்டத்துக்குள் பொருத்துவது என்பது அங்குள்ளவர்கள் பாடு.

அகராதியை நம்பினாலும் ஆபத்துதான். மூலத்தில், "முதல் மனுதாரரின் பாதுகாப்பில் இருந்து வர வேண்டும்" என்று ஓர் இடத்தில், "இரண்டாம் மனுதாரர் இயற்கைப் பாதுகாவலர் என்ற நிலை இதனால் பாதிக்கப்படாது" என்று இன்னோர் இடத்தில். பாதுகாப்பு, பாதுகாவலர் என்று ஒரே வேர். ஆனால் முன்னது குழந்தை யாரிடம் வளர்கிறது என்பது, அதுதான் கஸ்டடி. பின்னது 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்லும் கார்டியன். பாதுகாப்புக்கு அகராதியில் உள்ள 'புரொடக்ஷன்' என்ற சொல்லைப் போட்டால், குழந்தைக்கு ஏதோ ஆபத்து இருந்தது, அதிலிருந்து காக்க உத்தரவு போட்டார்கள் என்று அங்கே அர்த்தமாகும். ஒரு தகப்பன் மேல் இல்லாத பழி அது.

எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் சான்று எழுதினேன். என் பெயர், முகவரி, இரு மொழியிலும் எனக்குள்ள தகுதி, மூலம் எத்தனை பக்கம், மொழிபெயர்ப்பு எத்தனை பக்கம், முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்திருக்கிறேன் என்ற உறுதி, தேதி, கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் சிறு கையெழுத்து. மூலத்தின் நகலையும் சேர்த்தே தைத்தோம், பக்கத்துக்குப் பக்கம், பத்தி எண்ணுக்குப் பத்தி எண் ஒத்துப்போகும்படி. அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது மூலத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும்தான் சொல்லும். மொழிபெயர்ப்பு சரியா என்பதை அது பார்ப்பதில்லை. ஜெர்மனி இந்தியாவின் அப்போஸ்டிலை ஏற்பதில்லை, ஆகவே போகும் நாடு அதை ஏற்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் வழக்கறிஞர்களுக்கும், கூட்டு மெமோவில் கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சம்மதமும் அனுமதியும் இன்றி" என்று எழுதாதீர்கள். இரண்டும் வேண்டும் என்றால், "இரண்டையும் பெற்ற பின்னரே" என்று எழுதுங்கள். ஒன்று போதும் என்றால், "இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பெற்ற பின்னர்" என்று எழுதுங்கள். மணி எழுதினால் எந்த நாட்டு மணி என்று எழுதுங்கள். குழந்தையை ஒப்படைப்பவர் யார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கையெழுத்துப் போடும் முன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்து, தேதியை ஒரு முறை விரல் வைத்துச் சரிபாருங்கள்.